ஆன்லைன் பிளாக்ஜாக்ல டீலருக்கு ஏஸ் வந்தா இன்சூரன்ஸ் எடுக்கலாமா? ஜோடிக்கு வைக்கிற பேர், 21+3 மாதிரி மெயின் பெட்டுக்குப் பக்கத்துல தனியா வைக்கிற சைடு பெட் போட்டா லாபமா?

ரெண்டுக்கும் வேணாம்னுதான் சொல்லுவேன். நான் இருக்கிறது கனடா ஒன்டாரியோல, இங்க 2022 ஏப்ரல்ல இருந்து லைசென்ஸோட ஆன்லைன் கேசினோ நடக்குது, அதனால கணக்கெல்லாம் டாலர்லயே சொல்றேன். (தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்களுக்கு: இந்தியால 2025ல வந்த சட்டப்படி காசு வெச்சு ஆடுற ஆன்லைன் கேம் எதுவுமே கூடாது, அதனால இதை வெறும் கணக்கா படிங்க.)

முதல்ல இன்சூரன்ஸ். பேரைக் கேட்டா நம்ம கைக்கு ஏதோ பாதுகாப்பு வாங்குற மாதிரி இருக்கும், ஆனா நம்ம கைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. டீலர் கவுத்து வெச்சிருக்கிற சீட்டு பத்து மதிப்புள்ளதா, அதாவது பத்து, ஜாக்கி, ராணி, ராஜா இதுல ஒண்ணாங்கிறதுக்கு தனியா வைக்கிற பந்தயம், அவ்ளோதான். பாதி பெட் வைக்கணும், சரியா இருந்தா ஒண்ணுக்கு ரெண்டு குடுப்பாங்க. ஒண்ணுக்கு ரெண்டுன்னா நமக்கு நஷ்டம் இல்லாம இருக்கணும்னா மூணு சீட்டுல ஒண்ணு பத்தா இருக்கணும். இருக்கா?

நிஜ ஆள் சீட்டு போடுறதை வீடியோல காட்டுற லைவ் மேசைகள்ல பெரும்பாலும் எட்டு கட்டு, மொத்தம் 416 சீட்டு. அதுல பத்து மதிப்புள்ளது 128. டீலர் காட்டுற ஏஸை எடுத்துட்டா மிச்சம் 415. நீங்க பத்து டாலர் ஆடுறீங்க, இன்சூரன்ஸ் அஞ்சு டாலர்னு வெச்சுக்குங்க. அந்த 415 சீட்டும் ஒவ்வொண்ணா ஒரு தடவை கவுத்து வெச்ச இடத்துல வந்தா என்ன ஆகும்? 128 தடவை பத்து டாலர் வரும், 1,280. மிச்சம் 287 தடவை அஞ்சு டாலர் போகும், 1,435. 155 டாலர் நஷ்டம், போட்ட காசுல கிட்டத்தட்ட ஏழரை சதவீதம். ஒரு கட்டு மட்டும் வெச்சு ஆடினா ஆறு சதவீதம் பக்கம் வரும், அதுவும் நஷ்டம்தான், அந்த மாதிரி மேசையும் லைவ்ல சாதாரணமா கிடைக்காது.

இப்ப வேடிக்கை என்னன்னா, எல்லாரும் நல்ல கை வந்தாதான் இன்சூரன்ஸ் எடுப்பாங்க. "இருபது இருக்கு மச்சான், இதை எப்படி விடுறது"ன்னு என் ரூம்மேட் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். ரெண்டு ராஜா வெச்சிருக்கான், சரி, ஆனா அந்த ரெண்டு ராஜாவும் எங்க இருந்து வந்துச்சு? இன்சூரன்ஸ் ஜெயிக்க வேண்டிய 128ல இருந்துதான். இப்ப மிச்சம் 413 சீட்டு, அதுல பத்து 126தான், தோக்க வைக்கிற சீட்டு மட்டும் அதே 287. கணக்கு போட்டா நஷ்டம் 155ல இருந்து 175 ஆகுது. கை நல்லா இருக்குன்னு பத்திரம் பண்றவன் இன்னும் அதிக விலை குடுத்து வாங்குறான்.

இதைவிட ஆளை ஏமாத்துறது ஈவன் மணி. உங்களுக்கே ஏஸும் பத்தும் சேந்து பிளாக்ஜாக் வந்துருச்சு, டீலர்கிட்ட ஏஸ், உடனே ஸ்கிரீன்ல கேக்கும், பத்து டாலர் இப்பவே வாங்கிக்கிறியான்னு, பக்கத்துல டைமர் வேற ஓடும். "கண்டிப்பா கிடைக்கிற காசை எவன் விடுவான்"னு கை தானா போகும். ஒன்றரை மடங்கு, அதாவது 3க்கு 2 குடுக்கிற மேசைன்னு வெச்சுக்குவோம். மிச்சம் 413 சீட்டுல 127 பத்து, அது வந்தா டிரா, நமக்கு ஒண்ணும் இல்ல. 286 தடவை பதினஞ்சு டாலர், மொத்தம் 4,290. ஈவன் மணின்னா 413 தடவையும் பத்து, 4,130. ஒவ்வொரு தடவை ஒத்துக்கும்போதும் கிட்டத்தட்ட 39 சென்ட் டீலர் பக்கம் தள்ளி விடுறோம். அந்த டிரா ஆகுற தடவை வயிறு எரியும், ஒத்துக்கிறேன், எனக்கும் எரிஞ்சிருக்கு.

சீட்டு எண்ணுறவங்க இன்சூரன்ஸ் எடுப்பாங்களேன்னு கேப்பீங்க. எடுப்பாங்க, மிச்ச சீட்டுல மூணுல ஒண்ணுக்கு மேல பத்து இருக்குன்னு தெரிஞ்சா மட்டும். கம்ப்யூட்டரே சீட்டு போடுற கேம்ல சாதாரணமா ஒவ்வொரு கைக்கும் புதுசா கலைச்சுடும், எண்ண ஒண்ணுமே இல்ல. லைவ்ல எட்டு கட்டையும் முடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே எடுத்து கலைச்சுடுவாங்க, அந்த நிலைமை வர்றதே அபூர்வம்.

சைடு பெட்டுக்கு வருவோம், எல்லாத்தையும் சொல்லல, நான் காசு விட்ட பேர் பெட்டை மட்டும் சொல்றேன். உங்க முதல் ரெண்டு சீட்டும் ஒரே எண்ணா வந்தா காசு. கலர் மாறி வந்தா 6 மடங்கு, ஒரே கலர் வேற ஜாதின்னா (ஆட்டீன் ஏழும் டைமன் ஏழும் மாதிரி) 12, அச்சா ஒரே சீட்டுன்னா 25. எட்டு கட்டுல உங்க முதல் சீட்டு கிளாவர் ஏழுன்னு வைங்க. மிச்சம் 415ல இன்னொரு கிளாவர் ஏழு 7 இருக்கு, இஸ்பேட் ஏழு 8, சிவப்பு ஏழு 16. அஞ்சு டாலர் போட்டா 875 + 480 + 480, மொத்தம் 1,835 வரும். மிச்சம் 384 தடவை தோத்து 1,920 போகும். 85 டாலர் நஷ்டம், 4.1 சதவீதம்.

"நாலுதானே, பரவால்ல"ன்னு தோணும். பக்கத்துல மெயின் பெட்டை வெச்சுப் பாருங்க. எந்த கைக்கு என்ன பண்ணணும்னு சொல்ற அடிப்படை ஸ்டிராட்டஜிய ஒழுங்கா ஆடினா எட்டு கட்டு மேசைல மெயின் பெட்டோட நஷ்டம் ஒரு சதவீதத்துக்கும் கீழ, சாதாரணமா 0.7 பக்கம். பத்து டாலருக்கு ஏழு சென்ட். அஞ்சு டாலர் பேர் பெட்டுக்கு இருபது சென்ட். பாதி காசு போட்டு மூணு மடங்கு விலை குடுக்கிறீங்க. மணிக்கு அறுபது கை ஓடுனா மெயின்ல சராசரியா நாலு டாலர் கிட்ட போகும், சைடுல பன்னெண்டு. மெனக்கெட்டு ஸ்டிராட்டஜி சார்ட் மனப்பாடம் பண்ணதெல்லாம் இந்த ஒரு சின்ன வட்டத்துல போயிடும்.

இன்னொண்ணு, அதே 25-12-6 பலகை ஆறு கட்டு மேசைல இருந்தா நஷ்டம் ஆறு சதவீதத்தைத் தாண்டும், ஏன்னா ஜோடி சேர வேண்டிய சீட்டே குறைவு. ஸ்கிரீன்ல ரெண்டு மேசையும் ஒரே மாதிரிதான் தெரியும், ரூல்ஸ் பக்கத்தைத் திறந்து எத்தனை கட்டு, சைடு பெட்டுக்குத் தனியா போட்டிருக்கிற ஆர்டிபி, அதாவது போட்ட காசுல சராசரியா திரும்பி வர்ற சதவீதம், என்னன்னு பாத்தாதான் தெரியும். மேல பெருசா இருக்கிற 99 சொச்சம் மெயின் பெட்டுக்கு மட்டும்.

ஏன் இதெல்லாம் நஷ்டமாவே தெரியறதில்லன்னா, பேர் பெட் பதிமூணு கைக்கு ஒரு தடவை விழுந்துடும், விழுந்தா ஸ்கிரீன் மின்னும், முப்பது டாலர் வந்தது ஞாபகம் இருக்கும், நடுவுல பன்னெண்டு தடவை அஞ்சஞ்சா போனது ஞாபகம் இருக்காது.

நான் மாட்டுனது அதைவிட கேவலமா. ஒரு தடவை விளையாட்டா பேர்ல அஞ்சு டாலர் வெச்சேன், அடுத்த கைக்கு ரிபீட் பட்டனை அழுத்துனேன். ரிபீட்னா முன்னாடி இருந்த எல்லா பெட்டையும் திரும்ப வைக்கும், சைடு பெட்டும் சேத்து. ஃபோன்ல சின்ன ஸ்கிரீன், நான் சீட்டையே பாத்துட்டு இருந்தேன், நாப்பது கைக்கு அப்புறம் பேலன்ஸ் ஏன் இவ்ளோ இறங்குச்சுன்னு ஹிஸ்டரிய திறந்து பாத்தப்பதான் ஒவ்வொரு வரிலயும் பத்துக்குப் பதிலா பதினஞ்சுன்னு இருந்துச்சு. அதுல இருந்து ரிபீட்டைத் தொடறதில்ல, ஒவ்வொரு கைக்கும் சிப்பை நானே எடுத்து மெயின் வட்டத்துல வைக்கிறேன், கொஞ்சம் மெதுவாத்தான் ஆகுது.