பாட்டியின் தாலாட்டுக்குச் சுருதி பார்க்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஏழு மாதம். மூளை வளர்ச்சிக்கான இசை என்று ஒரு ஸ்பீக்கர் வாங்கி, தூளிக்குப் பக்கத்தில் வைத்து தினமும் நாலு மணி நேரம் போடுகிறோம். குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்க்கிறான். ஆனால் பாட்டுக்குத் தாளமாகக் கை தட்டுவதில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்த புதிதில் பாடித் தூங்க வைத்தார். தினம் ஒரு சுருதியில் ஆரம்பிப்பார், குழந்தையின் காது கெட்டுவிடும் என்று வேண்டாமென்றேன். என்ன இசை போடலாம்?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: என்ன இசை என்பது அப்புறம். முதலில் மாமியாரைப் பற்றிப் பேசுவோம். பேரனுக்காக ஊரை விட்டு மும்பைக்கு வந்த பெரியவரின் வாயை அடைத்துவிட்டு, அதை எனக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் செய்தது தப்பு. மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, குழந்தைக்கு வேண்டியதையே நிறுத்திவிட்டீர்கள்.

சுருதி மாறுகிறது என்கிறீர்கள். 2005-இல் கனடாவில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு ஒரு மெட்டை ஒரு வாரம் போட்டுக் காட்டினார்கள். பிறகு அதையே வேறு சுருதிக்கு மாற்றிப் போட்டபோதும், தெரிந்த மெட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதை விட, மெட்டு எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் அவர்கள் மனதில் நிற்கிறது. இன்று மேலே, நாளை கீழே ஆரம்பித்தாலும் உங்கள் மகனுக்கு அது அதே தாலாட்டுதான்.

அந்த ஸ்பீக்கரால் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் சாமுவேல் மெர், எலிசபெத் ஸ்பெல்கி முதலானவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஐந்து மாதக் குழந்தைகளைப் பற்றியது. சிலருக்குப் பெற்றோரே ஒரு புதுப் பாட்டை ஒன்றிரண்டு வாரம் வீட்டில் பாடினார்கள். சிலருக்கு பொம்மை பாடியது. அப்புறம் முன்பின் தெரியாத இரண்டு பேரைத் திரையில் காட்டினார்கள். ஒருவர் குழந்தைக்குத் தெரிந்த மெட்டில் பாடினார், மற்றவர் வேறு மெட்டில். பாடி முடித்து இருவரும் பேசாமல் சிரித்தபடி இருந்தபோது, பெற்றோரிடம் பாட்டுக் கேட்ட குழந்தைகள் தெரிந்த மெட்டைப் பாடியவரையே அதிக நேரம் பார்த்தார்கள். பெற்றோர் எவ்வளவு அதிகம் பாடியிருந்தார்களோ, அந்த நாட்டமும் அவ்வளவு அதிகம். பொம்மையிடம் கேட்டவர்களுக்கும் மெட்டு நினைவில் இருந்தது, ஆனால் பாடியவர் மேல் தனி நாட்டம் வரவில்லை. இன்னார் நம் ஆள் என்று குழந்தைக்கு அடையாளம் காட்டுவது மடியில் வைத்துப் பாடியவரின் பாட்டுத்தான். நாலு மணி நேர ஸ்பீக்கர் அதைத் தராது.

மூளை வளர்ச்சி இசை என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மேற்கத்திய இசைமேதை மொஸார்ட்டின் இசையைக் கேட்டால் புத்தி கூடும் என்ற பரபரப்பு 1993-இல் வந்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தைகள் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த பலனும் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை.

சரி, தாளம். ஏழு மாதத்தில் தாளத்துக்குக் கை தட்டாதது குறையே இல்லை. இசை கேட்டால் இந்த வயதுக் குழந்தைகள் கை காலை ஆட்டுவார்கள். தாளத்தோடு சரியாகச் சேர்ந்து அசைய இன்னும் சில வருடம் ஆகும். ஆனால் தாளம் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும், உடம்பு வழியாக. ஜெசிகா ஃபிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் இருவரும் இதே ஏழு மாதக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். எந்தத் தட்டிலும் அழுத்தம் இல்லாத ஒரு தாளத்தை இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டு, சில குழந்தைகளை ஒவ்வொரு இரண்டாவது தட்டுக்கும், சிலரை ஒவ்வொரு மூன்றாவது தட்டுக்கும் தூக்கிக் குலுக்கினார்கள். பிறகு அழுத்தம் சேர்த்துப் போட்டபோது, இரண்டுக்குக் குலுங்கியவர்கள் இரண்டுக்கு அழுத்தம் விழும் தாளத்தை அதிக நேரம் கேட்டார்கள். மூன்றுக்குக் குலுங்கியவர்கள் மூன்றை. கண்ணைக் கட்டிவிட்டுக் குலுக்கியபோதும் அப்படியே. ஆனால் தான் சும்மா இருந்து, மற்றவர் குலுங்குவதைப் பார்த்த குழந்தைகளுக்கு அது வரவில்லை.

உங்கள் மாமியார் தூளியை ஆட்டிக்கொண்டே ‘ஆராரோ’ பாடியபோது குழந்தைக்கு நடந்ததும் இதுதான். பாட்டின் நடையும் உடம்பின் அசைவும் சேர்ந்தே போயின. தூளி அசையாமல் பக்கத்தில் ஸ்பீக்கர் மட்டும் பாடினால் அதில் பாதி போய்விடுகிறது.

இதனால் அவன் பாடகன் ஆவான், கணக்கில் புலியாவான் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் நிரூபிக்கவுமில்லை.

இன்றைக்கே மாமியாரிடம் போய், நான் சொன்னது தப்பு, நீங்கள் பாடுங்கள் அத்தை என்று கேளுங்கள். வீட்டுக்காரரை அனுப்பிச் சொல்லாதீர்கள், நீங்களே போங்கள். பகலில் குழந்தையை மடியில் உட்கார வைத்து, கழுத்தையும் முதுகையும் தாங்கிக்கொண்டு, பாட்டுக்கு மெதுவாக ஆட்டுங்கள். வேகமாக உலுக்கக் கூடாது. முகத்தைத் திருப்பினால், சிணுங்கினால் நிறுத்திவிடுங்கள், அவனுக்குப் போதும் என்று அர்த்தம். வீட்டுக்காரரும் ஒரு பாட்டு பாடட்டும், பிள்ளை அவருக்கும்தானே! விசிலுக்குத் திரும்புகிறவன் என்றைக்காவது சத்தத்துக்குத் திரும்பாமல் இருந்தால், ‘பா பா’, ‘மா மா’ என்ற மழலை வராமலே போனால், அப்போது பாட்டை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.