கடை இல்லாத போட்டோகிராபர் கூகுள் மேப்பில் வருவது எப்படி? கேள்வி பதில்

வில்லாபுரம்: அண்ணே, எனக்கு ஸ்டூடியோ கிடையாது. வீட்டு மாடியில உட்கார்ந்து எடிட் பண்றேன். மேப்ல பேர் வர வழி இருக்கா? வீட்டு அட்ரஸ் போடவும் பயமா இருக்கு.

வழி இருக்கிறது தம்பி, கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற தொழில் பக்கம், காசும் கிடையாது. business.google.com போய் உங்கள் ஜிமெயிலில் நுழையுங்கள். விசிட்டிங் கார்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதே பெயர், எழுத்துக்கு எழுத்து. வகை கேட்கும்போது கல்யாண வேலைதான் அதிகம் என்றால் Wedding photographer என்பதை முதன்மையாக வையுங்கள். காதணி விழா, வளைகாப்பு, குழந்தை போட்டோவுக்கு ஏற்ற வகைகளைப் பிறகு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் நேரில் வந்து போகும் இடம் உண்டா என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்று சொல்லுங்கள். அப்புறம் எந்தெந்த ஊருக்குப் போய் வேலை செய்வீர்கள் என்று கேட்கும். மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று 20 இடம் வரை கொடுக்கலாம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வண்டியில் போய்ச் சேரும் தூரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். சரிபார்ப்புக்காக வீட்டு முகவரியைக் கேட்டால் உண்மையானதையே கொடுங்கள். வெளியே காட்டாமல் மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது.

பலர் மாட்டிக்கொள்வது சரிபார்ப்பு வீடியோவில். இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருப்பெயர்ப் பலகையில் தொடங்குங்கள். அது இல்லையென்றால் தெரு முனையில் இருக்கும் கடையின் பலகை. அங்கிருந்து நடந்து வந்து வீட்டு வாசல், மாடிப்படி, மேலே கேமரா பை, லைட் ஸ்டாண்ட், எடிட் ஓடும் கம்ப்யூட்டர். கடைசியில் விசிட்டிங் கார்டையோ பெயர் அச்சடித்த பில் புத்தகத்தையோ எழுத்து தெளிவாகத் தெரியும்படி காட்டுங்கள். யார் முகமும், ஆதார் எண்ணும், பேங்க் விவரமும் அதில் வரக்கூடாது. வேலை நாள் கணக்கில் ஐந்து நாளுக்குள் பொதுவாகப் பதில் வரும். நிராகரித்தால் பெரும்பாலும் கார்டில் ஒரு பெயர், புரொஃபைலில் இன்னொரு பெயர் என்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

மேலூர்: நான் பேரோட 'பெஸ்ட் கேண்டிட் போட்டோகிராபர் மதுரை'ன்னு சேர்த்தேன். ரெண்டு மாசம் மேல வந்துச்சு. இப்போ முடக்கிட்டாங்க. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுடலாமா அண்ணே?

ஆரம்பிக்காதீர்கள் அக்கா. ஒரு தொழிலுக்கு ஒரே புரொஃபைல்தான், இரண்டாவதும் முடங்கும். பழையதில் பெயரை நிஜப் பெயராகத் திருத்திவிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கு முன் ஆவணங்களைக் கையில் எடுத்து வையுங்கள். மேல்முறையீட்டை அனுப்பியதும் ஆவணம் ஏற்ற ஒரு மணி நேரம்தான் கொடுப்பார்கள். சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் இல்லையென்றால் udyamregistration.gov.in தளத்தில் அதே தொழில் பெயரில் முதலில் போட்டுக்கொள்ளுங்கள், அது இலவசம்.

திருமங்கலம்: சர்வீஸ் ஏரியாவில் மதுரையைச் சேர்த்தா மதுரை முழுக்க மேல வரும்தானே? அண்ணாநகர் நண்பன் தேடினா வரவே இல்லை.

அப்படி இல்லை. அந்தப் பட்டியல் எங்கே வேலை செய்வீர்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். வரிசையைப் பொருத்தம், தூரம், பெயர் பெற்ற அளவு மூன்றும் சேர்ந்து முடிவு செய்யும். தூரத்தை நீங்கள் கொடுத்த நிஜ முகவரியிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதே என் அனுபவம், மறைத்து வைத்திருந்தாலும். திருமங்கலத்துக்காரர் அண்ணாநகரில் முதலில் வருவது கஷ்டம். திருமங்கலத்தில் முதலில் வாருங்கள், அங்கேயே நிறைய முகூர்த்தம் இருக்கிறது.

அலங்காநல்லூர்: கல்யாணத்துக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?

இன்றைக்கு அது வேண்டாம் தம்பி, இன்னொரு நாள் பேசுவோம்.

கே.புதூர்: ரிவ்யூ எப்போ கேக்கணும்? மண்டபத்திலேயே கேட்டா எல்லாரும் 'சரி சரி'ங்கிறாங்க, ஒருத்தரும் எழுதலை.

மண்டபத்தில் அவர்களுக்குப் பந்தி கவலை, மொய் கவலை. படத்தையும் இன்னும் பார்க்கவில்லை, எதை எழுதுவார்கள்? ஆல்பம் கைக்குப் போன அன்று சாயங்காலம் கேளுங்கள். பெண்ணின் அப்பாவிடம் கேட்காமல், படம் செலக்ட் பண்ணும்போது உங்களோடு வாட்ஸ்அப்பில் பேசிய தங்கச்சியிடமோ மாப்பிள்ளையிடமோ கேளுங்கள். புரொஃபைலில் Ask for reviews என்று இருக்கும், அங்கே ஒரு லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். லிங்க்கோடு இப்படி ஒரு வரி போதும்: "திருப்பரங்குன்றம் கல்யாணத்துல உங்களுக்குப் பிடிச்சதோ குறையோ, இங்க ரெண்டு வரி எழுதுங்க." எந்த ஊர், என்ன விசேஷம் என்பது தானாகவே அவர்கள் எழுத்தில் வந்துவிடும். அடுத்த வீட்டில் தேதி குறித்தவர் அதைத்தான் படிப்பார்.

மனக்குறை உள்ளவரை விட்டுவிட்டு சந்தோஷமானவரிடம் மட்டும் கேட்பதும் விதிக்கு விரோதம். எல்லோரிடமும் கேளுங்கள்.

செல்லூர்: நான் ரிவ்யூ போட்டா 12x18 பிரேம் ஃப்ரீன்னு சொல்றேன். நல்லா வேலை செய்யுது. ஊரெல்லாம் செய்றாங்களே?

நிறுத்துங்கள். ரிவ்யூவுக்குப் பதிலாகப் பணம், தள்ளுபடி, பொருள் எதுவும் கொடுக்கக் கூடாது. பிடிபட்டால் ரிவ்யூக்களை எடுப்பார்கள், புது ரிவ்யூ வராமல் கொஞ்ச காலம் தடுப்பார்கள், போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்று உங்கள் பக்கத்திலேயே எச்சரிக்கையும் போடலாம். அதைப் பார்த்த வீட்டார் அட்வான்ஸ் கொடுப்பார்களா?

செல்லூர்: அண்ணே, போலி இல்லையே. நிஜமா கல்யாணம் எடுத்தவங்கதான் எழுதுறாங்க.

எழுதியவர் நிஜம். ஆனால் பிரேமுக்காக எழுதியவர் குறையைச் சொல்ல மாட்டார். படிப்பவருக்கு அது தெரியாது. அதனால்தான் தடை.

கே.புதூர்: அவங்க எழுதினாலும் எழுதாட்டியும் நான் எல்லாருக்கும் ஒரு பிரேம் தர்றேன். அதுவும் தப்பா?

எல்லோருக்கும், முன்பே பேக்கேஜில் எழுதி, ரிவ்யூ என்ற பேச்சே இல்லாமல் என்றால் தப்பில்லை.

செல்லூர்: பிரேமைக் கையில கொடுத்துட்டு அதே நிமிஷம் லிங்க் அனுப்பினா? வித்தியாசம் என்ன?

நியாயமான கேள்வி. நானாக இருந்தால் பிரேமை ஒரு நாளும் லிங்க்கை வேறு நாளும் வைப்பேன். கோடு எங்கே என்பதில் நாம் இருவரும் உடன்பட மாட்டோம் போல. ரிவ்யூவுக்கு விலை வைக்காதீர்கள் என்பதில் மட்டும் நான் மாற மாட்டேன்.

உசிலம்பட்டி: என் மச்சான், சித்தப்பா மகன் எல்லாரும் சேர்ந்து ஒரே ராத்திரியில 15 ரிவ்யூ போட்டாங்க. 11 காணோம்.

கூகுளின் வடிகட்டியில் போயிருக்கும். திடீரென்று குவிந்தால் சந்தேகப்படும். உங்களிடம் வேலை வாங்காத சொந்தக்காரர் எழுதவே கூடாது.

ஒத்தக்கடை: படத்துல லொகேஷன் டேக் போட்டு ஏத்தினா மேல வரும்னு யூட்யூப்ல சொல்றாங்க.

நேரத்தை வீணாக்காதீர்கள். ஏற்றும்போது அந்தத் தகவலை கூகுள் கழற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் நல்ல படம் நாலு ஏற்றுங்கள்.

வாடிப்பட்டி: ஸ்டூடியோ இல்லை. நண்பன் கடை அட்ரஸ் போடலாமா?

கூடாது. வில்லாபுரம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பழங்காநத்தம்: கூகுள்ல இருந்து பேசறோம், 6000 கட்டலைன்னா புரொஃபைல் போயிடும்னு போன் வந்துச்சு.

போனை வைத்துவிடுங்கள். புரொஃபைலுக்கு கூகுள் பணம் கேட்பதில்லை. ஓடிபி எதையும் சொல்லாதீர்கள்.

செல்லூர்: சரி, ஒரு ஸ்டார் கொடுத்தவரை என்ன செய்யறது? ஆல்பம் லேட்டுன்னு எழுதியிருக்கார், அது உண்மை.

உண்மையென்றால் புகார் செய்து பயனில்லை. விதி மீறியதை மட்டும்தான் எடுப்பார்கள். முதலில் போனில் பேசி ஆல்பத்தைக் கொடுங்கள். அப்புறம் ரிவ்யூவுக்குக் கீழே மூன்று வரி: தாமதம் எங்களால்தான், பிரிண்ட் இந்தத் தேதியில் கொடுத்துவிட்டோம், இனி தேதியை ரசீதிலேயே எழுதித் தருகிறோம். அவர் வீட்டு விஷயமோ பாக்கிப் பணமோ அதில் வரக்கூடாது. நட்சத்திரத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், பிரேமும் கொடுக்காதீர்கள்.