மண் பிள்ளையார் விற்பவர்கள் கேட்டவை: பலகையில் என்ன எழுதலாம்?

கேள்வி (கொசப்பேட்டை): கடை வாசலில் "கடலைக் கொல்லாத பிள்ளையார் இங்கே மட்டும்" என்று பலகை வைத்தோம். பக்கத்துக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாங்க வருகிறவர்களும் படித்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். எப்படி மாற்றி எழுதலாம்?

அந்தப் பலகையை யார் படிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போன வருஷம் பிளாஸ்டர் பிள்ளையார் வாங்கிப்போன ஒரு அம்மாவும் படிக்கிறார். எடை குறைவு, முகம் வழவழப்பு, பையனுக்கு அந்த மஞ்சளும் பச்சையும் பிடித்திருந்தது, வாங்கினார். கொழுக்கட்டை செய்து, எருக்கம்பூ மாலை போட்டு, மனசாரக் கும்பிட்டார். அவரைப் பார்த்து "நீ கடலைக் கொன்றாய்" என்கிறது உங்கள் பலகை. இந்த வருஷம் மண்ணுக்கு மாறலாம் என்று நினைத்து வந்தவராக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இன்னொரு குறையும் உண்டு. அந்த வரியில் உங்கள் பிள்ளையாரைப் பற்றி ஒரு விவரமும் இல்லை. இப்படி எழுதலாம்:

"சுடாத களிமண் பிள்ளையார். அச்சில் பிடித்து நிழலில் உலர்த்தியது. சாயம் பூசவில்லை. வீட்டு வாளித் தண்ணீரிலேயே கரைக்கலாம், கரைந்த மண்ணைச் செடிக்குப் போடலாம்."

வாங்குகிறவர் வாய்விட்டுக் கேட்கும் கேள்விகளுக்கு இதில் வரிசையாகப் பதில் இருக்கிறது. எதில் செய்தது, எப்படிச் செய்தது, என்ன பூசியது, கடைசியில் என்ன செய்வது. அடுத்தவர் பிள்ளையாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "இங்கே மட்டும்" என்பதையும் எடுத்துவிடுங்கள். உங்கள் தெருவிலேயே மண் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

கேள்வி (திருவொற்றியூர்): நான் செய்வதில்லை, மொத்தமாக வாங்கி விற்கிறேன். வர்ணம் பூசியதும் வருகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து "நூறு சதவீதம் இயற்கை" என்று போடலாமா?

போடாதீர்கள். நீங்களே பார்த்து உறுதி செய்ததை மட்டும் எழுதுங்கள். உறுதி செய்வது ஒன்றும் கஷ்டமில்லை.

ஒவ்வொரு சரக்கிலும் உடைந்ததோ ஓரம் போனதோ ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து நன்றாக வெயிலில் காயவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சுடாத களிமண் என்றால் குமிழி விட்டபடி ஓரங்கள் உதிர ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் சேறாக உட்கார்ந்துவிடும். சுட்ட மண்ணும் குமிழி விடும், ஆனால் வடிவம் குலையாது. பிளாஸ்டரும் அப்படியே கிடக்கும். ஈரத் துண்டை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். எலும்பாகக் காய்ந்த மண்தான் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சிப் பிளந்து கரையும். ஈரமண் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, நல்ல சரக்கையே தப்பாகச் சந்தேகப்பட்டுவிடுவீர்கள்.

அதே டம்ளரில் வர்ணத்தையும் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் வாட்டர் கலர். மண் கரைந்த பிறகும் வர்ணம் மெல்லிய தோலாக மிதந்தால் எனாமல் மாதிரியான பெயிண்ட். அப்புறம் கையிலும் தும்பிக்கையிலும் கம்பியோ குச்சியோ வைத்திருக்கிறார்களா என்று துண்டை உடைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி ஒவ்வொரு அடுக்குக்கும் தனிச்சீட்டு. "சுடாத மண், வாட்டர் கலர் பூசியது, கையில் மட்டும் மெல்லிய குச்சி உண்டு" என்று ஒன்று. "சுட்ட மண், தண்ணீரில் கரையாது, பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம்" என்று இன்னொன்று. மண் என்று கேட்டதும் கரையும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். சுட்டதை வாங்கிப்போய் வாளியில் வைத்து மறுநாள் அப்படியே இருப்பதைப் பார்த்தால், அடுத்த வருஷம் உங்கள் கடைப் பக்கம் வரமாட்டார்கள்.

கேள்வி (பெரம்பூர்): "பிளாஸ்டர் பிள்ளையாரில் என்ன தப்பு?" என்று வாங்க வருகிறவர்களே கேட்கிறார்கள். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவரிடம் ஆரம்பிக்க வேண்டாம். சொல்லும்போது பொருளைப் பற்றிப் பேசுங்கள், வாங்கியவரைப் பற்றி வேண்டாம். ஜிப்சம் என்ற கல்லை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைக்கும் மாவுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் சேர்த்ததும் அது திரும்பவும் ஜிப்சமாக இறுகிவிடுகிறது. அப்படி இறுகியதை நீரில் போட்டால் மண் மாதிரி உதிராமல் வெகுநாள் கிடக்கும். 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட சிலைக் கரைப்பு வழிகாட்டுதல்களிலும் பிளாஸ்டர் சிலைகளுக்கு இடமில்லை. இவ்வளவு போதும்.

"எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று ஒருவர் தயங்கினால், "அவரை அப்படியே துடைத்து வைத்துக் கும்பிடுங்கள், கரைப்பதற்கு மஞ்சளில் ஒரு பிள்ளையார் பிடித்து வைத்தால் போதும்" என்று சொல்லலாம். மஞ்சள் பிள்ளையார் நம் வீடுகளில் எல்லா விசேஷத்திலும் முதலில் உட்காருகிறவர்தானே. அவரிடம் அன்று உங்களுக்கு வியாபாரம் ஆகாமல் போகலாம், பரவாயில்லை. வீட்டிலிருக்கும் சாமியைக் குறை சொல்லாத கடை என்று அவர் நினைவில் நிற்பீர்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): கீறல் விழுந்தது என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். முன்னாடியே எழுதிவிட்டால் விற்பனை படுக்குமா?

படுக்காது, சண்டைதான் குறையும். கீறலில் இரண்டு வகை உண்டு. வேகமாகக் காய்ந்ததால் வயிற்றிலும் முதுகிலும் தலைமுடி மாதிரி ஓடும் கோடு ஒன்று. அது மண்ணின் சுபாவம், சிலை உடையாது. தும்பிக்கையும் கையும் உடம்போடு சேரும் இடத்தில் வரும் கீறல் வேறு. அது ஒட்டு சரியாகப் பிடிக்காததால் வருவது, தூக்கும்போது கழன்றுவிடும். அப்படிப்பட்டதை விற்பனைக்கே வைக்காதீர்கள். உடைந்த சாமியை வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது.

சீட்டில் இவ்வளவு போடுங்கள்: "மேலே மெல்லிய கோடு இருக்கலாம், அது மண் காய்ந்த அடையாளம். கை, தும்பிக்கை கழன்றுவிட்டால் பூஜைக்கு முன் மாற்றித் தருகிறோம். பலகையோடு அடியில் பிடித்துத் தூக்குங்கள். அபிஷேகம் வேண்டாம், பூ, அருகம்புல்லை ஈரம் வடித்துச் சாத்துங்கள்." கடைசி வரி ரொம்ப முக்கியம். பாலோ தண்ணீரோ பட்டால் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முகம் கரைந்துவிடும்.

கேள்வி (வியாசர்பாடி): வீட்டில் கரைக்கும் முறையையும் சீட்டிலேயே எழுதலாமா? இடம் கொஞ்சம்தான் இருக்கிறது.

கட்டாயம் எழுதுங்கள். மாலை, குடை, கண்ணிலுள்ள குண்டுமணி எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட வேண்டும். சிலை முழுகும் அளவு தண்ணீர் உள்ள வாளியில் மெதுவாக இறக்கி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் கையால் கலக்கலாம். சேற்றைத் தொட்டியிலோ செடியிலோ ஊற்றலாம், பாத்ரூம் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வர்ணம் பூசிய பிள்ளையார் என்றால் செடிக்கு ஊற்றச் சொல்லாதீர்கள்.

குண்டுமணிக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள். அது விஷ விதை. முழுசாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிவப்பும் கறுப்புமாகப் பளபளப்பதால் குழந்தைகள் முதலில் எடுப்பதும் அதைத்தான். "கண்ணில் குண்டுமணி உள்ளது, குழந்தை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் கடைப் பெயரின் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.