கால் ரெக்கார்டிங்கிலிருந்து ஸ்கோப் எழுதுவது: கேள்வி பதில்

கே: கிளையண்டோட பேசின ஒரு மணி நேர ரெக்கார்டிங் கையில இருக்கு. என்னென்ன வேலை செஞ்சு தருவோம்னு சொல்ற ஸ்கோப்பை அதிலிருந்து எழுதணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பேச்சை எழுத்தாக்கி, கிளையண்ட் சொன்னதை மட்டும் நேரக்குறிப்போடு தனியே எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி: முடிவு, ஆசை, அல்லது தொங்கல்.

ஒரு வெப்சைட் வேலை என்று வையுங்கள். 12:40-ல் "அஞ்சு பக்கம் போதும்" என்கிறார். அது முடிவு, நீங்கள் செய்து தரவேண்டியவற்றின் பட்டியலான டெலிவரபிளில் போகும். 31:05-ல் "பிளாக் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்". அது ஆசை, "இதில் அடங்காதவை" பகுதியில் பிளாக் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். எழுதாமல் விட்டால், ஒத்துக்கொண்டதாகவே அவர் நினைவில் நிற்கும். 44:20-ல் "கன்டென்ட் யார் எழுதறது, பாத்துக்கலாம்". இதுதான் தொங்கல். பதில் வாங்காமல் விலை சொல்லாதீர்கள்.

எண்களும் "வேண்டாம்" என்ற சொல்லும் வரும் இடங்களை மட்டுமாவது ஆடியோவில் திரும்பக் கேளுங்கள். எழுத்தாக்கத்தில் அங்கே பிழை வந்தால் ஸ்கோப்பே மாறிவிடும்.

கே: ரெக்கார்டிங்கையே ஒப்பந்தத்தோட இணைச்சுட்டா போதுமே? ஆதாரம் இருக்கே!

ஆதாரம்தான், கிளையண்டிடம் முன்பே சொல்லிப் பதிவு செய்திருந்தால். ஆனால் அதே காலில் 52-வது நிமிடம் "ஏழெட்டுப் பக்கம் ஆகலாம்" என்றும் சொல்லியிருப்பார். அப்போது அது உங்களுக்கும் ஆதாரம், அவருக்கும் ஆதாரம். "காலில் பேசியதற்கும் இதற்கும் வேறுபாடு இருந்தால் இந்த ஸ்கோப்பே செல்லும்" என்று ஒரு வரி சேருங்கள்.

கே: நான் லோகோ பண்றேன். ரெண்டு ரிவிஷன்னு போட்டும் ஆறு தடவை மாத்தச் சொல்லிட்டாங்க. இப்ப காசு கேக்கலாமா?

ஏற்கெனவே செய்து முடித்த கூடுதல் நான்குக்குக் கேட்பது கடினம். அடுத்ததிலிருந்து கட்டணம் என்று இன்றே எழுதி அனுப்புங்கள். எண்ணிக்கை மட்டும் எழுதியதால் வந்த சிக்கல் இது. கிளையண்ட் தரப்பில் ஆளுக்கொரு நாள் ஒரு திருத்தம் அனுப்பினால், எல்லாம் சேர்ந்து ஒரே ரிவிஷன் என்றுதான் அவர்கள் எண்ணுவார்கள். இனி இப்படி எழுதுங்கள்: "ஒப்புதல் தரும் ஒருவர், டிசைன் கிடைத்த 2 வேலை நாளுக்குள், ஒரே மெயிலில் தரும் திருத்தங்கள் அனைத்தும் ஒரு ரிவிஷன். தேர்ந்தெடுத்த டிசைனை விட்டுப் புதிது கேட்டால் தனிக் கட்டணம்."

கே: 20-ஆம் தேதி லான்ச்னு சொல்லிட்டாரு. அதையே டெட்லைனா போட்டுடவா?

அந்தத் தேதியை மட்டும் போட்டால், அவர் தாமதிக்கும் நாளும் உங்கள் கணக்கில் விழும். மேலே சொன்ன அஞ்சு பக்க வேலையையே எடுங்கள்: டிசைன் 6 வேலை நாள், அவர் பதில் 2, திருத்தம் 2, மறுபடி பதில் 2, திருத்தம் 1, கட்டமைப்பு 5. மொத்தம் 18. "கன்டென்டும் முன்பணமும் வந்த மறுநாளிலிருந்து 18 வேலை நாள்" என்று எழுதுங்கள். லான்ச் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கன்டென்ட் வரவேண்டிய கடைசி நாளையும் போடுங்கள்.

கே: பதிலே வரலன்னா ஒப்புதல்னு எடுத்துக்கலாமா?

பலர் அப்படி எழுதுகிறார்கள். இடைக்கட்டத்துக்குச் சரி. இறுதி ஒப்புதலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே வேலையை நிறுத்திவைக்கும் உரிமையை எழுதிக்கொள்வது மேல்.

கே: நிறுத்தினா கிளையண்ட் போயிடுவாரே. நான் ஒப்புதல்னே எழுதுவேன்.

எழுதலாம். அதோடு பதில் நாள் முடிவதற்கு முன்தினம் ஒரு நினைவூட்டல் அனுப்புவதையும் நிபந்தனையாகச் சேருங்கள்.