நண்பர் ஏற்பாடு செய்த பிளைண்ட் டேட்

தோழி சொன்னதால் ஒருவரைச் சந்தித்தேன், பிடிக்கவில்லை; யாரும் வருந்தாமல் எப்படிச் சொல்வது?

முன்பின் அறியாத இருவரைப் பொதுவான நண்பர் ஒருவர் சந்திக்க வைப்பதே பிளைண்ட் டேட். ஒப்புக்கொள்ளும்போதே, இது ஒரு காபிக்கான சந்திப்பு மட்டும்தான், வீட்டுப் பெரியவர்கள் காதுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. பாளையங்கோட்டையில் மாலையில் இருவர் சேர்ந்து உட்கார்ந்தால், இரவுக்குள் அத்தை வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

பிறகு தோழியிடம் சொல்லும் கருத்து, தூக்குவாளியில் கொடுத்தனுப்பும் குழம்பைப் போல, வழியில் சிந்தும். ஆகவே நீங்கள் சந்தித்தவர் காதில் விழுந்தாலும் பாதகமில்லாததை மட்டும் மறுநாளே சொல்லுங்கள்: "மரியாதையாகப் பேசினார், ஆனால் அவர் சென்னையிலேயே இருக்க நினைக்கிறார், நான் ஊரை விட்டு வருவதாக இல்லை, அதனால் தொடர வேண்டாம்." காரணம் உண்மையானதாக இருக்கட்டும், தோற்றத்தையும் சம்பளத்தையும் இழுக்க வேண்டியதில்லை.

"பார்க்கலாம்" என்று இழுப்பதே நாகரிகம் எனப் பலர் எண்ணுகிறார்கள். கேட்பவரோ அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டு காத்திருப்பார்.