கொல்லாமையும் விலக்குகளும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொல்லாமையை முதல் அறமாகச் சொல்லும் பௌத்தத்தில் இலங்கை பிக்குகள் பலர் மீனும் இறைச்சியும் உண்கிறார்கள். சமணரோ கிழங்கைக்கூடத் தவிர்க்கிறார்கள். வங்காளத்துப் பிராமணர் வீட்டில் மீன் இல்லாத விருந்தே இல்லை என்கிறார்கள். அறம் ஒன்றாக இருக்கும்போது விலக்குகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

செ., மதுரை

அன்புள்ள செ.,

ஓர் உயிர் கொல்லப்படும்போது அந்தப் பாவம் யாரைச் சேருகிறது என்பதில்தான் இம்மூன்று மரபுகளும் பிரிகின்றன. விலக்குகளின் வேறுபாடு அதிலிருந்தே பிறக்கிறது.

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் பௌத்த விநய நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். வைசாலியின் படைத்தலைவர் சீகர், நிகண்டர் எனப்பட்ட சமணரின் அடியவராக இருந்து புத்தரிடம் வந்தவர். புத்தருக்கு விருந்தளிக்க, சந்தையில் ஏற்கெனவே விற்பனைக்கு இருந்த இறைச்சியை வாங்கி வரச் செய்தார். கௌதமருக்காகச் சீகர் பெரிய விலங்கொன்றைக் கொன்றார் என்றும், அதை அறிந்தே கௌதமர் உண்கிறார் என்றும் நிகண்டர்கள் தெருத்தெருவாகக் கூவினார்கள். இதையொட்டி, தனக்கென்று கொல்லப்பட்டதைப் பிக்கு பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, ஐயுற்றிருக்கவும் கூடாது, இம்மூன்றும் இல்லையெனில் இறைச்சி தூயது என்று புத்தர் விதித்தார். வினை என்பது மனத்தின் எண்ணம் என்று கொள்ளும் மரபுக்கு இது பொருந்திய விதிதான். பிச்சைப் பாத்திரத்தில் விழுவதை ஏற்கும் துறவிக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. மீனையும் இறைச்சியையும் முற்றாக விலக்க வேண்டும் என்று அவருடைய சங்கத்தைச் சேர்ந்த தேவதத்தன் கேட்டபோதும் புத்தர் இணங்கவில்லை. இலங்கைப் பிக்குகள் நிற்பது இந்த விதியின் மேல்தான். பின்னெழுந்த மகாயான நூலான இலங்காவதார சூத்திரம் இந்தச் சலுகையை ஏற்கவில்லை. சீன மரபுப் பிக்குகள் பொதுவாக மரக்கறி மட்டுமே உண்பது அந்த வழியில் வந்தது.

இதற்கான எதிர்வாதத்தைத் தமிழில் நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

வாங்குபவன் இல்லாமல் விற்பவன் இல்லை என்ற இந்த வாதத்தைத்தான் சமணக் காப்பியமான நீலகேசி பௌத்தருக்கு எதிராக விரித்துரைக்கிறது. இந்த இடத்தில் சமணர் வாதமே வலுவானது என்பது என் கருத்து, ஏனெனில் பிச்சையேற்கும் துறவிக்கு வகுத்த விதி சந்தைக்குப் போகும் இல்லறத்தானுக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் சமணத்திலும் விலக்கு இல்லாமல் இல்லை. உழும்போதும் சமைக்கும்போதும் தற்காப்புக்காகப் போரிடும்போதும் நேரும் உயிர்க்கேடு இல்லறத்தானுக்குப் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. மனமறிந்து திட்டமிட்டுச் செய்யும் கொலை மட்டும் முற்றாக விலக்கப்பட்டது. யசோதர காவியத்தில் மாவால் செய்த கோழியைப் பலியிட்ட மன்னனும் அவன் தாயும் பிறவி பிறவியாக விலங்காய்த் துன்புறுவது இதனால்தான். கிழங்குகளைத் தவிர்ப்பதற்குக் காரணம், ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன என்ற கொள்கை.

மனுவின் நூலோ கண்டனத்தையும் அனுமதியையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. அனுமதிப்பவன், வெட்டுபவன், விற்பவன், வாங்குபவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் எல்லோருமே கொலையாளிகள் என்று ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. அதே அத்தியாயம் வேள்வியில் செய்யும் கொலை கொலையன்று என்றும், உயிருக்கு ஆபத்து வரும்போது ஊன் உண்ணலாம் என்றும் சொல்கிறது. குற்றம் செயலில் மட்டும் இல்லை, அது எந்த இடத்தில், எந்த நிலையில் செய்யப்படுகிறது என்பதிலும் இருக்கிறது.

மூன்றின் வேறுபாடும் பஞ்சகாலத்தில் வெளிப்படையாகத் தெரியும். பசியால் வாடிய விசுவாமித்திரர் சண்டாளன் கையிலிருந்து நாயின் தொடையைப் பெற்று உண்ணத் துணிந்ததை மனு தவறாகக் கருதவில்லை. பஞ்சத்தில் மக்கள் இறந்த அரச யானையின் இறைச்சியை உண்டு பிக்குகளுக்கும் அளித்தபோது, யானை அரசனின் அடையாளம், அவன் மகிழமாட்டான் என்ற காரணத்தால் புத்தர் அதைத் தடுத்தார். அங்கே கொல்லாமை பேசப்படவேயில்லை. சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தாருக்காக எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரமோ, தீர்வில்லாத பஞ்சத்தில் உணவைப் படிப்படியாக நீக்கி அறம் காத்து உடலை விடும் சல்லேகனையைச் சொல்கிறது. மனுவின் மரபு உயிர் பிழைத்தால் அறத்தை மீட்கலாம் என்கிறது. சமணமோ உயிரை விட்டாவது அறத்தைக் காக்கச் சொல்கிறது.

வங்காளத்து மீன் ஆபத்துக்கால விலக்கு அன்று. பாடீனம், ரோகிதம் ஆகிய மீன்களைத் தேவர்க்கும் பிதிரர்க்கும் படைக்கலாம் என்று மனுவே அனுமதிக்கிறார். பின்னர் வங்காளத் தர்மசாத்திர அறிஞர் பவதேவ பட்டர், நூல்களில் உள்ள தடைகள் குறிப்பிட்ட திதிகளுக்கே உரியவை என்று வாதிட்டு மீனுணவை நியாயப்படுத்தினார். ஆறும் குளமும் நிறைந்த நாட்டில் வழக்கம் முன்னே போயிருக்க, சாத்திரம் அதன் பின்னே வந்தது என்றே நான் கருதுகிறேன்.