பாலியஸ்டருக்கு ஏன் 130 டிகிரி?

கேள்வி: திருப்பூர் பக்கத்தில் சின்ன சாயப்பட்டறை நடத்துகிறேன். பருத்தி பனியன் துணிக்கு 60 டிகிரியில் ரியாக்டிவ் சாயம் போடுவது பழக்கமான வேலை. இப்போது 10 கிலோ பாலியஸ்டர் துணிக்கு நேவி கலர் கேட்டார்கள். டிஸ்பர்ஸ் சாயம் வாங்கி, திறந்த தொட்டியில் நன்றாகக் கொதிக்கவைத்தேன். கலர் வெளிறித்தான் ஏறியது, சோப்புப் போட்டு அலசியதும் பாதி போய்விட்டது. அழுத்தத்தில் போட வேண்டும் என்கிறார்கள். அழுத்தம் எதற்கு? தொட்டிக்கு மூடி போட்டு இறுக்கினால் போதாதா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மூடியை இறுக்காதீர்கள். 130 டிகிரியில் இருக்கும் தண்ணீரின் நீராவி, வெளிக்காற்றைவிடச் சுமார் 1.7 பார் கூடுதலாக அழுத்தும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள மூடியில் அது ஏறத்தாழ 17 டன் எடை. போல்ட் போட்டு முறுக்கிய தகரத் தொட்டி அதைத் தாங்காது. அதற்கென்றே சோதித்துச் செய்த கலனில்தான் இந்த வேலையைச் செய்ய முடியும்.

சரி, அழுத்தம் எதற்கு? அது சாயத்தை இழைக்குள் தள்ளுகிறது என்று பட்டறைகளில் பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. உள்ளே போவதற்கு வழி விடுவது வெப்பம்தான். திறந்த தொட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு தீ வைத்தாலும் ஆவியாகத்தான் போகும். வீட்டுக் குக்கரைப் போல மூடி அழுத்தத்தில் வைத்தால்தான் 130 டிகிரியிலும் அது தண்ணீராகவே இருக்கும். அழுத்தத்துக்கு அவ்வளவுதான் வேலை. விளையாட்டு ஜெர்சிக்குத் தாளிலிருந்து படத்தை மாற்றும் சப்ளிமேஷன் அச்சைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் டிஸ்பர்ஸ் சாயம்தான். அங்கே தண்ணீரே கிடையாது, நீராவி அழுத்தமும் இல்லை. 200 டிகிரி அளவில் சூடு இருப்பதால் அரை நிமிடம், ஒரு நிமிடத்திலேயே சாயம் இழைக்குள் இறங்கிவிடுகிறது.

பருத்திக்கு இவ்வளவு சூடு வேண்டாததற்குக் காரணம், அது தண்ணீரை விரும்பும் இழை. நனைந்ததும் உப்பி விரியும், தண்ணீரோடு சேர்ந்து சாயமும் உள்ளே போய்விடும். உப்பு போடுவது சாயம் தண்ணீரை விட்டு இழையின் பக்கம் சாய்வதற்காக. பிறகு சோடா போட்டதும் ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு நிற்கிறது. 60 டிகிரி அதற்குத் தாராளம்.

பாலியஸ்டரில் இவை எதுவுமே நடக்காது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான் பிடிக்கும். தண்ணீரில் போட்டாலும் உப்பாது. ரியாக்டிவ் சாயம் பற்றிக்கொள்ளத் தகுந்த இடமும் அதில் இல்லை. அதனால்தான் தண்ணீரில் அதிகம் கரையாத, சிறிய மூலக்கூறு கொண்ட டிஸ்பர்ஸ் சாயம் தேவைப்படுகிறது. அதைத் தண்ணீரில் நுண்துகள்களாக மிதக்கவிடுகிறோம். அதில் மிகச் சிறிய பங்கு கரைகிறது. கரைந்தது இழைக்குள் போகப் போக, துகள்களிலிருந்து அடுத்த பங்கு கரைந்துகொண்டே வருகிறது. உள்ளே போன சாயம் எதோடும் பிணைவதில்லை, இழைக்குள்ளேயே கரைந்து தங்குகிறது.

உள்ளே போகத்தான் சூடு. பாலியஸ்டரின் சங்கிலி மூலக்கூறுகள் நெருக்கமாக, விறைப்பாக அடுக்கியிருக்கும். சுமார் 80 டிகிரிக்கு மேல் அவை அசையத் தொடங்கும். அசையும்போது நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் தோன்றி மறையும். அவற்றின் வழியாகத்தான் சாயம் நகர்கிறது. 100 டிகிரியிலும் நகராமல் இல்லை, ஆனால் மிகமிக மெதுவாக. 130 டிகிரியில் அசைவு பல மடங்கு கூடுவதால், ஒரு மணி நேரத்துக்குள் கரும் ஷேடுகூட இழையின் நடுவரை போய்விடும். துணி ஆறியதும் சங்கிலிகள் மறுபடி விறைத்துக்கொள்ளும், சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துவைக்கும் 40, 60 டிகிரியில் அது வெளியே வராததற்கும் இதுதான் காரணம். உங்கள் துணியில் சாயம் மேற்பரப்பிலும், அதற்குக் கீழே மெல்லிய வளையமாகவும்தான் நின்றிருக்கும். மேலே நின்றது சோப்பில் போய்விட்டது.

உங்கள் 10 கிலோவையே முறையாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 10 லிட்டர் கணக்கில் 100 லிட்டர் தண்ணீர். 3 சதவீத ஷேடு என்றால் 300 கிராம் சாயம், சாயம் கட்டிக்கொள்ளாமலிருக்க 100 கிராம் டிஸ்பர்சிங் ஏஜென்ட். அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச் 4.5 முதல் 5 வரை வைக்க வேண்டும். பருத்திக்குப் பழகிய கை இங்கேதான் தவறும். நேவி, கருப்புக் கலவைகளில் பரவலாக வரும் டிஸ்பர்ஸ் ப்ளூ 79 போன்ற சாயங்கள் காரத்தில் சிதையும். முந்தைய பருத்தி பாத்தின் சோடா மிஷினிலோ துணியிலோ தங்கியிருந்தாலே ஷேடு மாறிவிடும். உப்பு இங்கே தேவையே இல்லை. போட்டால் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புள்ளி விழும்.

பின்னல் எண்ணெய் போக முன்கூட்டியே அலசிய துணியை 60 டிகிரியில் ஏற்றி, 80 வரை சற்று வேகமாகச் சூடாக்கலாம். அதற்கு மேல் நிமிடத்துக்கு ஒரு டிகிரிதான். சாயத்தின் பெரும்பகுதி 90க்கும் 120க்கும் இடையில்தான் இழைக்குள் பாய்கிறது. அங்கே அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். 130 டிகிரியில் நேவிக்கு 45 நிமிடமாவது நிறுத்த வேண்டும். ஆறவைப்பதும் நிதானமாகத்தான். சட்டென்று குளிர்த்தால் மடிப்பு விழுந்த இடம் அப்படியே நிலைத்துவிடும், அப்புறம் இஸ்திரியிலும் போகாது. 80 டிகிரிக்குக் கீழே வந்து, அழுத்தமும் முழுவதும் இறங்கிய பிறகுதான் மிஷினைத் திறக்க வேண்டும்.

கரும் ஷேடுகளில் மேலே கொஞ்சம் சாயம் ஒட்டித்தான் இருக்கும். லிட்டருக்கு 2 கிராம் காஸ்டிக், 2 கிராம் ஹைட்ரோஸ் போட்டு 80 டிகிரியில் 20 நிமிடம் ஓட்டினால் அது சிதைந்து போய்விடும். ஹைட்ரோஸ் இழைக்குள் போக முடியாது, அதனால் உள்ளிருக்கும் சாயம் தப்பிக்கும். பிறகு அலசி, அசிட்டிக்கில் காரத்தை முறித்துவிடுங்கள்.

கேரியர் என்ற ரசாயனத்தைச் சேர்த்து 100 டிகிரியிலேயே போடும் பழைய வழி ஒன்று உண்டு. அது இழையைத் தளர்த்தி, குறைந்த சூட்டிலேயே சங்கிலிகளை அசையவைக்கும். ஆனால் வாடை துணியிலேயே தங்கும், வெயிலில் நிறம் சீக்கிரம் மங்கும், பல கேரியர்கள் ஆளுக்கும் நல்லதல்ல, கழிவுநீருக்கும் நல்லதல்ல. உடுத்தும் துணிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாலியஸ்டர் ஆர்டர் எப்போதாவது ஒன்று வருகிறதென்றால், உயர் வெப்ப சாஃப்ட் ஃப்ளோ மிஷின் உள்ள பட்டறையில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்குவதுதான் கட்டுப்படியாகும்.

வரும் துணியை இரண்டு விதமாகச் சோதியுங்கள். நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் மேல்சாயம் சரியாகக் கழுவப்படவில்லை. அடுத்து, ஒரு வெள்ளை பாலியஸ்டர் துண்டை மேலே வைத்து, 150 டிகிரி அளவில் இஸ்திரிப் பெட்டியை அரை நிமிடம் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் நன்றாகத் தெரிந்தால், மேல்சாயம் நிற்கிறது அல்லது சூட்டில் ஆவியாகும் மலிவான சாயத்தைப் போட்டிருக்கிறார்கள்.

வெளிறிப்போன அந்த 10 கிலோவைத் தூக்கிப் போட வேண்டாம். இழைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே சொன்ன ஹைட்ரோஸ் கழுவலை முதலில் கொடுத்து, அசிட்டிக்கில் முறித்து, அதையே 130 டிகிரியில் மறுபடி போடலாம். கொஞ்சம் சாயம் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் 300 கிராமை அப்படியே போட்டால் ஷேடு கூடிவிடும். கழுவிய துணியில் ஒரு துண்டு வெட்டி லேப் டிப் எடுத்து, அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள்.